அடங்கல் வாங்கப் போறீங்களா? கையெழுத்தோட சேத்து இந்த கட்டங்களையும் பாத்துட்டு வாங்க

ஐப்பசி மாசம் வந்துட்டா எங்க டெல்டா பக்கம் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல கூட்டம் நிக்கும், எல்லார் கையிலயும் ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ், சிட்டா. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "சார் அடங்கல் போட்டு குடுங்க." சம்பா நெல்லுக்கு இன்சூரன்ஸ் கட்ட வழக்கமா நவம்பர் 15 கடைசி தேதி, சில வருஷம் தள்ளி வைப்பாங்க, ஆனா தள்ளி வைப்பாங்கன்னு நம்பி உக்காரக் கூடாது. அந்த அவசரத்துல பேப்பர்ல சீலும் கையெழுத்தும் விழுந்துச்சான்னு மட்டும் பாத்துட்டு நேரா சேவை மையத்துக்கு ஓடிடுறோம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கறது, நாலு மாசம் கழிச்சு பக்கத்து வயக்காரருக்கு இழப்பீடு வந்து நமக்கு வராத அன்னிக்குத்தான்.

முதல் தடவை பயிர்க்கடனோ காப்பீடோ எடுக்கறவங்களுக்காக இத எழுதறேன். தமிழ்நாட்டு நடைமுறை, உதாரணத்துக்கு சம்பா நெல். வேற பயிர்னா தேதியும் தொகையும் மாறும், பாக்க வேண்டிய கட்டங்கள் அதேதான்.

சிட்டா வேற, அடங்கல் வேற

பேச்சுவாக்குல "சிட்டா அடங்கல்"னு ஒரே வார்த்தையா சொல்லி சொல்லி ரெண்டும் ஒண்ணுதான்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. சிட்டா, பட்டா எல்லாம் நிலம் யாரு பேர்ல இருக்குன்னு சொல்ற காகிதம். நாம விக்கலன்னா, பாகம் பிரிக்கலன்னா அது வருஷா வருஷம் மாறாது. அடங்கல்ங்கறது கிராமக் கணக்கு எண் 2. இந்த சர்வே நம்பர்ல, இந்த வருஷம், யாரு, என்ன பயிர், எவ்வளவு பரப்புல, எந்த தண்ணிய வச்சு போட்டிருக்காங்கன்னு வி.ஏ.ஓ. வயல பாத்து எழுதற கணக்கு அது. அதனால ஒவ்வொரு வருஷமும் புதுசு. போன வருஷ அடங்கல வச்சு இந்த வருஷ பயிருக்கு எதுவும் செய்ய முடியாது, அதே மாதிரி அடங்கல்ல பேர் இருக்குங்கறதால நிலம் நம்மளுதுன்னும் ஆகாது.

பேங்க்காரங்க சிட்டாவ பாக்கறது உங்களுக்கு நிலம் இருக்கான்னு தெரிஞ்சுக்க, அடங்கல பாக்கறது அந்த நிலத்துல பயிர் இருக்கான்னு தெரிஞ்சுக்க. காப்பீட்டுக்கும் இதே கதைதான், ஆனா அங்க அடங்கலோட ஒவ்வொரு கட்டமும் கம்ப்யூட்டர்ல ஏறும், ஏறினதுதான் கடைசி வரைக்கும் நிக்கும்.

முதல் வேலை: பட்டாவ எடுத்து பக்கத்துல வைங்க

வி.ஏ.ஓ.கிட்ட போறதுக்கு முன்னாடி eservices.tn.gov.in போயி உங்க பட்டாவ இறக்கிக்கங்க. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா நம்பரோ சர்வே நம்பரோ குடுத்தா போதும், போனுக்கு ஓ.டி.பி. வரும். வீட்டுல பீரோவுல இருக்கற பழைய பட்டா காப்பி வேண்டாம். ஏன்னா நடுவுல பக்கத்து பங்காளி யாராவது நிலத்த வித்திருப்பாங்க, அளந்து உட்பிரிவு ஆகியிருக்கும், உங்க 118/1 இப்ப 118/1B ஆயிருக்கும், உங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. பழைய நம்பர்லயே அடங்கலும் எழுதி வாங்கிட்டு போனா சேவை மையத்துல "இந்த நம்பர் வரலயே"ம்பாங்க, இல்லன்னா அதவிட மோசமா, கிட்டத்துல இருக்கற ஏதோ ஒரு நம்பர போட்டு விட்டுடுவாங்க.

பட்டாவுல பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்குல இருக்கும், நாம பேசறது ஏக்கர் சென்ட்ல, பெரியவங்க பேசறது மா கணக்குல. 1 ஏர்னா 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2.47 சென்ட். அப்ப பட்டாவுல 0 - 40.50ன்னு இருந்தா 40.50 ஏர், அத 2.47ஆல பெருக்கினா 100 சென்ட், ஒரு ஏக்கர். நாம மூணு மா ஒரு ஏக்கர்னு வாய்க்கணக்கு சொல்றது வயல்ல பேச சரி, ஃபார்ம்ல எழுத பட்டாவுல இருக்கற ஏர் கணக்குலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

எப்ப போறது

விதைச்சு முளைச்சு வயல்ல பயிர்னு தெரியற நேரத்துல போறதுதான் நல்லது. வி.ஏ.ஓ. மாசா மாசம் பயிராய்வு பண்ணி அடங்கல்ல ஏத்தணும், அதுக்கு அசமாயிஷ்னு பழைய பேரு. ஆனா நெலமை என்னன்னா ஒருத்தருக்கே ரெண்டு மூணு கிராமம் கூடுதல் பொறுப்பா இருக்கும், உங்க வயலுக்கு அவர் எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. அதனால நீங்களே போயி சொல்லணும், விதை வாங்கின பில் காப்பி, போன்ல எடுத்த வயல் போட்டோ இதையும் காட்டினா அவருக்கும் எழுதறதுக்கு ஒரு பிடி கெடைக்கும். அடங்கல்ல இன்னும் ஏறாத கட்டத்துல, விதைப்பு மட்டும் முடிஞ்சிருந்தா, அடங்கலுக்கு பதிலா விதைப்பு அறிக்கை குடுப்பாரு, காப்பீட்டுக்கு அதையும் ஏத்துக்கறாங்க.

இப்ப டிஜிட்டல் பயிர் சர்வேன்னு ஒண்ணும் நடக்குது, புலத்துக்கு புலம் நின்னு போன்ல போட்டோவோட பதியறாங்க. உங்க ஊர்ல நடந்தா, உங்க வயல்ல நின்னு பதியறப்போ கூட நில்லுங்க. அதுல ஒரு பயிரும் பேப்பர்ல வேற பயிரும் இருந்தா பின்னாடி உங்களத்தான் கேப்பாங்க.

பசலி

அடங்கல் மேல முதல்ல பாக்க வேண்டியது பசலி ஆண்டு. ஜூலை 1ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடியும். கணக்கு சுலபம்: ஜூலையிலேர்ந்து டிசம்பருக்குள்ளன்னா ஆங்கில வருஷத்துலேர்ந்து 590ஐ கழிங்க, ஜனவரியிலேர்ந்து ஜூனுக்குள்ளன்னா 591ஐ கழிங்க. 2025 அக்டோபர்ல நட்ட சம்பான்னா பசலி 1435, அது 2026 பிப்ரவரியில அறுவடை ஆனாலும் அதே 1435தான்.

சம்பாவுக்கு இதுல குழப்பம் வராது, குறுவைக்கு வரும். மேட்டூர் ஜூன் 12ல திறந்து அதுக்கு முன்ன பின்ன நாத்து விடறவங்களுக்கு நடவு ஒரு பசலியிலயும் அறுவடை அடுத்த பசலியிலயும் விழுந்துடும். அந்த மாதிரி நேரத்துல எந்த பசலிக்கு அடங்கல் வேணும்னு கடன் குடுக்கற சொசைட்டியில கேட்டுட்டு அப்புறமா வி.ஏ.ஓ.கிட்ட போங்க, ரெண்டு அலைச்சல் மிச்சமாகும்.

வருவாய் கிராமம்: எல்லாத்தையும் விட பெரிய விஷயம் இதுதான்

என்னக் கேட்டா அடங்கல்ல ஒரே ஒரு கட்டத்தத்தான் பாக்க நேரம் இருக்குன்னா இத பாருங்கம்பேன். காரணம், நெல்லுக்கு மகசூல் இழப்பீடு பொதுவா உங்க வயல மட்டும் பாத்து குடுக்கறது இல்ல. உங்க வருவாய் கிராமத்துல குலுக்கல் மாதிரி சில வயல தேர்ந்தெடுத்து, அதுல பயிர் அறுவடைப் பரிசோதனை பண்ணி, அந்த கிராமத்தோட சராசரி மகசூல் எவ்வளவுன்னு எடுத்து, ஏற்கெனவே நிர்ணயிச்ச மகசூல விட எத்தன சதவீதம் கொறஞ்சுதோ அத்தன சதவீதம் காப்பீட்டுத் தொகைய அந்த கிராமத்துல கட்டின எல்லாருக்கும் குடுக்கறாங்க. நிர்ணயிச்சது ஹெக்டேருக்கு 4,000 கிலோன்னு வைங்க, பரிசோதனையில 3,000 வந்துச்சுன்னா கால் பங்கு கொறவு. ஏக்கருக்கு காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய்னா அதுல கால் பங்கு 9,000 ரூபாய். (இந்த எண்கள் கணக்குக்காக நான் வச்சது, உங்க மாவட்டத்துக்கு அந்த வருஷ அறிவிப்புல வேற இருக்கும்.) பக்கத்து கிராமத்துல 4,000 கிலோவே விளைஞ்சிருந்தா அங்க யாருக்கும் ஒண்ணும் கெடையாது.

இப்ப யோசிங்க, உங்க நிலம் இந்த கிராமத்துல, ஆனா சேவை மையத்துல ஏத்தினது அடுத்த கிராமம்னா உங்க வயல் மொத்தமா அழுகிப் போனாலும் ஒரு ரூபா வராது. இது எப்படி நடக்குதுன்னா, நாம குடியிருக்கற தெருவோ ஊரோ ஒரு பேரு, வருவாய் கணக்குல கிராமம் இன்னொரு பேரு. ஃபார்ம் பூர்த்தி பண்றவரு "எந்த ஊருங்க?"ம்பாரு, நாம வீடு இருக்கற ஊர சொல்லிடுவோம், ஆதார்லயும் அதுதான் இருக்கும். அதோட தஞ்சாவூர் பக்கமெல்லாம் ஒரே பேர்ல முதல் சேத்தி, இரண்டாம் சேத்தின்னு ரெண்டு கிராமம் இருக்கும், லிஸ்ட்ல மேல இருக்கறத தட்டிட்டு போயிடுவாங்க. அடங்கல்ல வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமத்தோட முழுப் பேரு, இருந்தா கிராம எண், இது எல்லாம் புரியற எழுத்துல இருக்கணும். கிறுக்கலா இருந்தா அங்கேயே "சார் கொஞ்சம் தெளிவா எழுதி குடுங்க"ன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

ரெண்டு கிராமத்துல நிலம் இருக்கறவங்க ரெண்டுக்கும் தனித்தனி அடங்கல் வாங்கணும். ஒரே வி.ஏ.ஓ. ரெண்டையும் பாக்கறார்ங்கறதுக்காக ஒரே தாள்ல எழுதி வாங்காதீங்க.

பயிர் பேரும் பருவமும்

"நெல்"னு மட்டும் எழுதியிருந்தா பத்தாது. குறுவையா, சம்பாவா, தாளடியான்னு இருக்கணும், நட்ட மாசமும் இருக்கணும். காப்பீட்டுல குறுவைக்கு தனி அறிவிப்பு, தனி கடைசி தேதி, பிரீமியமும் வேற: குறுவை காரீஃப்ல வரும், விவசாயி பங்கு 2 சதவீதம், சம்பா ராபியில வரும், 1.5 சதவீதம். வாழை, மஞ்சள் மாதிரி தோட்டப் பயிர், பணப் பயிருக்கு 5 சதவீதம் வரைக்கும். அப்ப நீங்க குறுவைக்கு கடன் வாங்கறப்போ எடுத்த அடங்கல மிச்சம் பண்ணி சம்பா காப்பீட்டுக்கு குடுத்தா, ஒண்ணு அங்கேயே தள்ளுவாங்க, இல்ல ஏத்திட்டு பின்னாடி சரிபார்ப்புல தள்ளுவாங்க. பின்னாடி தள்றதுதான் ஆபத்து, அதுக்குள்ள கடைசி தேதி போயிருக்கும்.

ஒரே சர்வே நம்பர்ல பாதி நெல்லு பாதி உளுந்துன்னு போட்டிருந்தா ரெண்டு வரியா பரப்போட பிரிச்சு எழுத சொல்லுங்க.

சாகுபடி பரப்பு

பட்டா பரப்பும் சாகுபடி பரப்பும் ஒண்ணு இல்ல. அடங்கல்ல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்கு. களம், மோட்டார் கொட்டகை, வரப்போரம் தென்ன இதெல்லாம் போக மிச்சம் எங்க நெல்லு நிக்குதோ அதுதான் சாகுபடி பரப்பு. அவசரத்துல பட்டா பரப்பையே அப்படியே எழுதிடுவாங்க, நமக்கும் கூடுதலா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க செயற்கைக்கோள் படம் வச்சும் நேர்லயும் சரிபாக்கறாங்க, ஒரு சர்வே நம்பர்ல கட்டின பரப்பு அந்த நம்பரோட மொத்த பரப்ப தாண்டினாலோ, பயிரே இல்லாத எடத்துக்கு கட்டினாலோ அந்த விண்ணப்பத்த நிறுத்தி வச்சுடுவாங்க. அப்ப பத்து சென்ட் கூட போட்டதுக்காக மொத்தமும் மாட்டிக்கும்.

கூட்டுப் பட்டாவுலதான் இது அதிகம் நடக்குது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனித்தனியா போயி, ஆளுக்கு முழு பரப்பையும் காட்டி கட்டிடுவாங்க, யாரும் ஏமாத்தணும்னு செய்யறது இல்ல, பட்டாவுல முழு பரப்புதானே தெரியுதுன்னு கட்டறது. ஒரு ஏக்கர் நம்பர்ல ரெண்டு ஏக்கர் ஏறி நிக்கும், ரெண்டு பேருக்கும் போச்சு.

சாகுபடிதாரர் பேரு

பட்டாதாரர் பேருக்கு ஒரு கட்டம், சாகுபடி செய்யறவரு பேருக்கு இன்னொரு கட்டம். சொந்த நிலத்துல சொந்தமா போட்டா ரெண்டும் ஒண்ணு, பிரச்சன இல்ல. அப்பா பேர்ல பட்டா, அப்பா இல்ல, பையன் சாகுபடின்னா பட்டாதாரர் எடத்துல அப்பா பேரும் சாகுபடி எடத்துல பையன் பேரும் இருக்கணும். கூட வாரிசு சான்று, மத்த வாரிசுங்க சம்மதம் கேப்பாங்க. இத ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஓட்டலாம், கடன் விஷயத்துல ரொம்ப நாள் ஓட்ட முடியாது, பட்டா மாறுதலுக்கு எழுதி போட்டுடுங்க.

குத்தகைக்காரங்க நெலமைதான் கஷ்டம். டெல்டாவுல கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்கு உழறவங்க எவ்வளவு பேரு. பட்டா சாமி பேர்ல இருக்கும். அங்க அடங்கல்ல சாகுபடிதாரர் கட்டத்துல உங்க பேர் வந்தே ஆகணும், அதுக்கு குத்தகை கட்டின ரசீது, கோயில் செயல் அலுவலர்கிட்ட ஒரு கடிதம் இத கையில வச்சுக்கிட்டு வி.ஏ.ஓ.கிட்ட போங்க. தனியார் நிலத்துல வாய்மொழி குத்தகைன்னா நிலக்காரர் பல பேரு சம்மதிக்க மாட்டாங்க, அடங்கல்ல பேர் ஏறிட்டா குத்தகை உரிமை கேட்டுடுவாங்களோன்னு பயம். அதுக்காக நிலக்காரர் பேர்லயே காப்பீடு கட்டிட்டு, பணம் வந்தா குடுத்துடறேன்னு வாய்ப்பேச்சுல விடறது நடக்குது. செலவு பண்ணி நட்டவருக்கு வர வேண்டிய பணம் அடுத்தவர் கணக்குல போயி விழுந்தா அத வாங்கறதுக்குள்ள உறவே முறிஞ்சு போகும். அந்த பருவத்துக்கு மட்டும்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு குத்தகை ஒப்பந்தம் வச்சுக்கறது ரெண்டு தரப்புக்கும் நல்லது. காலங்காலமா உழற குத்தகைக்காரங்களுக்கு 1969ம் வருஷத்து குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கு, அதுல பதிஞ்சவங்க அந்த பதிவு நகலையும் காட்டலாம்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம்

திருவாரூர் மாவட்டத்துல ஒரு விவசாயின்னு வைங்க. மூணு எடத்துல சம்பா போட்டிருக்காரு. சர்வே 112/3, சொந்தம், பட்டா பரப்பு 60.50 ஏர், அதுல 20 சென்ட்ல தென்னையும் களமும். 118/1B, அண்ணனோட கூட்டுப் பட்டா, 40.50 ஏர், ஆளுக்கு பாதி. மூணாவது 131/2, கோயில் நிலம், 40.50 ஏர், குத்தகை.

அவர் வி.ஏ.ஓ.கிட்ட வாங்கின முதல் அடங்கல்ல இருந்தது இதுதான்: 112/3 முழுசா 60.50, அடுத்தது 118/1ன்னு பழைய நம்பர்ல முழுசா 40.50, கோயில் நிலம் 40.50, அதுல சாகுபடிதாரர் கட்டம் காலி. பயிர் "நெல்". அப்படியே கட்டினா மொத்தம் 141.50 ஏர், அதாவது 3 ஏக்கர் 49 சென்ட். ஏக்கருக்கு 36,000ல 1.5 சதவீதம் 540 ரூபாய், ஆக கிட்டத்தட்ட 1,885 ரூபாய் பிரீமியம். கட்டறப்போ யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, ரசீதும் வந்திருக்கும்.

திருத்தி எழுதி வாங்கினது இப்படி: 112/3ல 20 சென்ட், அதாவது 8.10 ஏர் கழிச்சு 52.40 ஏர். 118/1B, அவர் பங்கு 20.25 ஏர், அண்ணன் பேருக்கு மிச்சம் 20.25 தனி வரி. 131/2, 40.50 ஏர், பட்டாதாரர் கோயில், சாகுபடிதாரர் இவரு. பயிர் நெல் - சம்பா, நடவு மாசம் அக்டோபர். மொத்தம் 113.15 ஏர், அதாவது கிட்டத்தட்ட 2 ஏக்கர் 80 சென்ட். பிரீமியம் 1,512 ரூபாய் கிட்ட. மேல சொன்ன மாதிரி அந்த கிராமத்துல கால் பங்கு மகசூல் கொறஞ்சா இவருக்கு வர வேண்டியது சுமார் 25,200 ரூபாய். முதல் அடங்கல்ல போயிருந்தா 118 ஏறியே இருக்காது, இல்ல அண்ணனும் கட்டியிருந்தா ரெண்டும் சேந்து நின்னுருக்கும், கோயில் நிலத்துக்கு இவர் யாருன்னே கேட்டிருப்பாங்க.

கடனுக்கு கூடுதலா பாக்க வேண்டியது

பயிர்க்கடன் தொகை நாம கேக்கற அளவுக்கு இல்ல, ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவுன்னு மாவட்ட அளவுல கடனளவு நிர்ணயம் பண்ணியிருப்பாங்க. அத சாகுபடி பரப்பால பெருக்கினது உங்க தொகை, அதனால அடங்கல்ல பரப்பு கொறச்சு எழுதினா கடனும் கொறையும். அதே மாதிரி பாசன ஆதாரம்னு ஒரு கட்டம், யாரும் திரும்பிப் பாக்கறது இல்ல. எறவைக்கும் மானாவாரிக்கும் கடனளவு வேற. உங்களுக்கு கிணறோ போர்வெல்லோ இருந்து அந்த கட்டத்துல மானாவாரின்னு இருந்தா மானாவாரி கணக்குலதான் கடன் போடுவாங்க. நிலக்கடலை, மக்காச்சோளம் போடறவங்க இத கண்டிப்பா பாத்துடுங்க.

சொசைட்டியில வாங்கற பயிர்க்கடன கெடு தேதிக்குள்ள கட்டிட்டா தமிழ்நாட்டுல வட்டி இல்ல, அதனால முதல்ல அங்க போங்க, உறுப்பினரா இருக்கணும். பேங்க்ல 2025 ஜனவரி 1லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் விவசாயக் கடனுக்கு அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு.

கடன் வாங்கினா பிரீமியத்த அவங்களே கடன் கணக்குல புடிச்சு காப்பீட்ட ஏத்திடுவாங்க. 2020 காரீஃப்லேர்ந்து கடன்காரங்களுக்கும் அது கட்டாயம் இல்ல, வேண்டாம்னா கடைசி தேதிக்கு 7 நாள் முன்னாடியே எழுதி குடுக்கணும், குடுக்கலன்னா வேணும்னுதான் எடுத்துப்பாங்க. இதுல ரெண்டு எடத்துல கவனம் வேணும். ஒண்ணு, கடனுக்கு காட்டின பயிர விட்டுட்டு வேற பயிர் போட்டா உடனே எழுதி சொல்லணும், இல்லன்னா வயல்ல இல்லாத பயிருக்கு காப்பீடு ஓடும். ரெண்டு, சொசைட்டி மூலமா ஏறினது தெரியாம அதே சர்வே நம்பருக்கு பொது சேவை மையத்துலயும் போயி கட்டிடாதீங்க, ரெட்டைப் பதிவுன்னு நிறுத்திடுவாங்க.

தப்பா இருந்தா

அடங்கல வாங்கினதும் அங்கேயே நின்னு பட்டாவ பக்கத்துல வச்சு ஒவ்வொரு கட்டமா விரல் வச்சு படிங்க. திருத்தம் இருந்தா அடிச்சு எழுதற எடத்துல வி.ஏ.ஓ. சுருக்கொப்பம் வேணும், அதவிட புதுசா எழுதி வாங்கறது நல்லது. நீங்களோ கம்ப்யூட்டர் சென்டர்காரரோ பேனாவால திருத்தவே கூடாது. எழுதவே மாட்டேங்கறார்னா வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார், அதுக்கும் மேல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், மாசா மாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கு. கடைசி தேதி நெருக்கத்துல இதுக்கெல்லாம் நேரம் கெடைக்காது, அதனாலதான் பயிர் முளைச்சதுமே போங்கன்னு சொல்றேன்.

காப்பீடு கட்டினதும் ரசீத வாங்கி மடிச்சு பைல வைக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, பயிர், பரப்பு, வங்கிக் கணக்கு நம்பர் இந்த ஆறையும் அடங்கலோடயும் பாஸ்புக்கோடயும் ஒத்துப் பாருங்க. பரப்பு அங்க ஹெக்டேர்ல இருக்கும், நம்ம உதாரணத்துல 1.1315ன்னு கிட்டத்துல வரணும், 2.80ன்னு இருந்தா ஏக்கர ஹெக்டேர் கட்டத்துல அடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். பத்து நாள் கழிச்சு pmfby.gov.in போயி Application Status எடத்துல ரசீதுல இருக்கற விண்ணப்ப எண்ண போட்டு பாருங்க. திருப்பி அனுப்பியிருந்தா கட்டின எடத்துக்கே போயி காரணம் கேட்டு, கடைசி தேதிக்குள்ள திருத்தி ஏத்த சொல்லணும். ஏதாவது குழப்பம்னா 14447க்கு போன் பண்ணலாம்.

அடங்கல் ஒரிஜினல சென்டர்லயோ பேங்க்லயோ குடுக்கறதுக்கு முன்னாடி போன்ல தெளிவா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ரசீதையும் அது கூடவே. பின்னாடி பதிவுல தப்பு இருக்குன்னு புகார் குடுக்கறப்போ, நீங்க குடுத்தது சரியா இருந்துச்சு, அடிச்சவங்க தப்பு பண்ணினாங்கன்னு காட்ட அந்த போட்டோதான் இருக்கும். அடுத்த ஜூலையில கடன புதுப்பிக்கப் போறப்போ இத நீட்டாதீங்க, அப்ப பசலி மாறியிருக்கும், புதுசா வாங்கணும்.